ஒரு செவிலியரின் ராஜினாமா கடிதம்

எம்.எஸ்சி. நர்சிங் சேர்க்கை நடக்கும் மாதங்களில் தனியார் மருத்துவமனைகளின் நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேசைக்கு ராஜினாமா கடிதங்கள் வரத் தொடங்கும். அவற்றில் பல ஒன்றரைப் பக்கம் ஓடும். மருத்துவமனைக்கு நன்றி, டாக்டர்களுக்கு நன்றி, உடன் வேலை பார்த்தவர்களுக்கு நன்றி, பிரிய மனமில்லை என்ற வருத்தம் என எல்லாம் இருக்கும். எந்தத் தேதியோடு வேலை முடிகிறது என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. "கூடிய விரைவில் என்னை விடுவிக்குமாறு வேண்டுகிறேன்" என்று முடிந்துவிடும்.

எழுதிய பெண்ணுக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேற்படிப்புக்காக விலகும் செவிலியரின் கடிதத்தைப் பிரிவுக் கடிதம் என்று நினைப்பது தவறு. அது ஒரு தேதியை எழுத்தில் நிலைநிறுத்தும் ஆவணம். அந்தத் தேதியை ஒட்டித்தான் பாண்டு முடிந்ததா இல்லையா என்பது தீர்மானமாகிறது. சம்பளக் கணக்கும் அனுபவச் சான்றிதழில் போடும் 'முதல், வரை' நாட்களும் அதையே பின்பற்றும். கல்லூரியில் சேரும் நாளும் அதற்குப் பொருந்தியாக வேண்டும்.

மற்ற வேலைகளைவிடச் செவிலியருக்கு இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, எம்.எஸ்சி. நர்சிங்கில் சேர பி.எஸ்சி. நர்சிங்கில் 55 சதவீத மதிப்பெண் இருந்தால் மட்டும் போதாது. மாநில கவுன்சிலில் பதிவு செய்த செவிலியராக இருக்க வேண்டும். படிப்பு முடித்தபின் குறைந்தது ஓராண்டு வேலை பார்த்த அனுபவமும் வேண்டும். ஜி.என்.எம். முடித்து, பிறகு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தவர்களுக்குச் சின்னச் சலுகை உண்டு. அந்த ஓராண்டு அனுபவம் போஸ்ட் பேசிக் படிப்புக்கு முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி. ஆக, விட்டுவிட்டுப் போகும் மருத்துவமனை தரும் தாள்தான் போகிற கல்லூரியின் வாசலைத் திறக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டுப் போனால், இரண்டு வருடம் ஐ.சி.யூ.வில் இரவு பகலாக உழைத்தது தாளில் இல்லாமலே போய்விடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு தேதிகளோடு பார்த்தால் இது விளங்கும். மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் மருத்துவ ஐ.சி.யூ.வில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர். 2023 செப்டம்பர் 10 அன்று வேலையில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். சேரும்போது இரண்டு ஆண்டுக்குப் பாண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இடையில் விலகினால் 50,000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டச் சான்றிதழையும் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் அசலாக அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறார். நியமன ஆணையில் முன்னறிவிப்புக் காலம் 30 நாள். இப்போது எம்.எஸ்சி.யில் இடம் கிடைத்துவிட்டது; 2025 அக்டோபர் 1 அன்று கல்லூரியில் சேர வேண்டும்.

இவர் செய்ய வேண்டிய முதல் வேலை நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுவது. அக்டோபர் 1-க்கு முன் சான்றிதழ்களை வாங்கவும் ஊர் மாறவும் ஒரு வாரமாவது தேவை. அப்படியானால் கடைசி வேலை நாள் செப்டம்பர் 24. அதற்கு 30 நாள் முன்னால் கடிதம் போய்ச் சேர வேண்டும். கடிதம் கொடுத்த மறுநாளிலிருந்துதான் நாள் எண்ணப்படும் என்று வைத்துக்கொண்டால், ஆகஸ்ட் 25 அன்று கொடுத்தால் 26-ஆம் தேதி முதல் செப்டம்பர் 24 வரை சரியாக 30 நாள். பாண்டு முடிவது செப்டம்பர் 9. எனவே கடைசி நாள் பாண்டைத் தாண்டி வந்துவிடுகிறது. இதே பெண், கடிதத்தை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கொடுத்து, செப்டம்பர் 5 அன்றே நின்றிருந்தால்? பாண்டு முடிய நான்கே நாள் இருக்கும்போது விலகியவர் என்று 50,000 ரூபாய் கேட்டு நிற்பார்கள். கேட்க அவர்களுக்குத் தாளிலே வழி இருக்கும்.

பலர் தவறவிடும் இன்னொன்று விடுப்பு. முன்னறிவிப்புக் காலத்தில் விடுப்பு எடுத்தால் அந்த நாட்கள் கணக்கில் சேராது என்று பல மருத்துவமனைகளின் விதி சொல்லும். மீதமிருக்கும் விடுப்பைக் கடைசி வாரத்தில் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று திட்டமிடுகிறவர்கள், நியமன ஆணையை எடுத்து ஒருமுறை படித்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். சேரும் நாளில் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்த அந்தத் தாளை விலகும்போதுதான் பெரும்பாலோர் முதன்முறையாக முழுதாகப் படிக்கிறார்கள்.

கடிதம் எழுதுவதற்கு முன்னால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவது நர்சிங் துறையில் நல்ல வழக்கம். ஐ.சி.யூ.வில் ஒருவர் குறைந்தால் அடுத்த மாத ரோஸ்டரே ஆட்டம் காணும். அதனால் முதலில் இன்சார்ஜ் சிஸ்டர், பிறகு சூப்பிரண்டெண்ட் என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டும். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

"மேடம், எனக்கு எம்.எஸ்சி. சீட் கிடைச்சிருக்கு. அக்டோபர் ஒண்ணாம் தேதி ஜாயின் பண்ணணும்."

"சந்தோஷம்மா. ஆனா மூணு பேரு ஏற்கெனவே பேப்பர் போட்டிருக்காங்க. தீபாவளி வரைக்கும் இருந்துட்டுப் போயேன்."

"காலேஜ்ல அந்தத் தேதிக்குள்ள சேரலைன்னா சீட் போயிடும் மேடம். செப்டம்பர் இருபத்துநாலு வரைக்கும் எந்த டூட்டி போட்டாலும் பார்க்கிறேன்."

இந்த உரையாடலில் அந்தப் பெண் செய்தது சரி. மன்னிப்புக் கேட்கவில்லை, வாதாடவும் இல்லை. தேதியைச் சொன்னார், அதுவரை எந்த வேலைக்கும் தயார் என்றார். "பார்க்கலாம் மேடம்" என்று இழுத்திருந்தால், தீபாவளி வரை இருக்க ஒப்புக்கொண்டதாகவே அங்கே எடுத்துக்கொள்வார்கள். பேசி முடித்த அன்றே கடிதத்தையும் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சொன்னதோ, டூட்டி மாறும் நேரத்தில் வாயால் சொன்னதோ முன்னறிவிப்பு ஆகாது.

அவர் கொடுக்க வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம். தனியார் மருத்துவமனைகளில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. எந்த மொழியானாலும் உள்ளே இருக்க வேண்டியவை இவையே.

அனுப்புநர்: (பதிவுச் சான்றிதழில் உள்ளபடி பெயர்), ஸ்டாஃப் நர்ஸ், பணியாளர் எண், மருத்துவ ஐ.சி.யூ.
பெறுநர்: நர்சிங் சூப்பிரண்டெண்ட். வழி: ஐ.சி.யூ. இன்சார்ஜ். நகல்: மனிதவளப் பிரிவு.
நாள்: 25.08.2025
பொருள்: மேற்படிப்பில் சேர்வதற்காகப் பணி விலகல் – கடைசிப் பணி நாள் 24.09.2025 – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேடம்,

10.09.2023 முதல் நமது மருத்துவமனையின் மருத்துவ ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றி வருகிறேன். எம்.எஸ்சி. நர்சிங் படிப்பில் எனக்கு இடம் கிடைத்துள்ளது. 01.10.2025 அன்று கல்லூரியில் சேர வேண்டியிருப்பதால் பணியிலிருந்து விலகுகிறேன். பணி நியமன ஆணையில் கண்டுள்ள 30 நாள் முன்னறிவிப்பாக இக்கடிதத்தை அளிக்கிறேன். 24.09.2025 எனது கடைசிப் பணி நாள். எனது இரண்டாண்டுப் பணி ஒப்பந்தம் 09.09.2025 அன்று நிறைவடைகிறது.

கடைசி நாள் வரை ரோஸ்டரில் ஒதுக்கப்படும் பணிகளைச் செய்வேன். என் பொறுப்பிலுள்ள பொருட்களையும் பதிவேடுகளையும் தாங்கள் குறிப்பிடும் செவிலியரிடம் எழுத்து மூலம் ஒப்படைப்பேன்.

பணியில் சேர்ந்தபோது ஒப்படைத்த அசல் சான்றிதழ்களையும் (பட்டியல் இணைப்பில்), பணி விடுவிப்பு ஆணையையும், அனுபவச் சான்றிதழையும் கடைசிப் பணி நாளன்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிச் சேர்க்கைக்கு இவை தேவை.

வென்டிலேட்டரில் உள்ள நோயாளியைக் கவனிக்க நான் கற்றுக்கொண்டது இந்த ஐ.சி.யூ.வில்தான். தங்களுக்கும் இன்சார்ஜ் சிஸ்டருக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இதில் காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் தேவையில்லை. ஆனால் "சொந்தக் காரணங்களுக்காக" என்று மொட்டையாக எழுதுவதைவிட மேற்படிப்பு என்று சொல்வது நல்லது. அப்படிச் சொன்னால் அடுத்த தெருவிலுள்ள மருத்துவமனைக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்துக்குப் போகிறாரோ என்ற சந்தேகம் எழாது. கல்லூரி அனுப்பிய சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணைத்தால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லும் வற்புறுத்தலும் குறையும். பின்னொரு நாள் அதே மருத்துவமனைக்கு நர்சிங் டியூட்டராகவோ மேற்பார்வையாளராகவோ திரும்பி வர நேர்ந்தாலும், கோப்பில் இருக்கும் காரணம் மதிப்பாக இருக்கும்.

"கேட்டுக்கொள்கிறேன்" என்ற சொல்லை எங்கே போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். சான்றிதழ் கேட்கும் இடத்தில் கேட்டுக்கொள்கிறார். விலகும் இடத்தில் "விலகுகிறேன்" என்று நேராகச் சொல்கிறார். "விலக அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்" என்று எழுதினால் அது விண்ணப்பமாகிவிடும். விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும். "சீட் உறுதியானால் விலகுவேன்" என்பதும் ராஜினாமா ஆகாது. இடம் கையில் வரும்வரை கடிதத்தை எழுதாமல் இருப்பதே மேல்.

கொடுத்துவிட்ட கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்வியும் வரும். கலந்தாய்வில் ஏதோ குளறுபடி, சேர்க்கை ரத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் வழக்கு ஒரு நீதிபதியுடையதே. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே மாதம் குடியரசுத் தலைவருக்கு ராஜினாமா கடிதம் அனுப்பினார். ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக அதில் எழுதியிருந்தார். ஜூலையில் மனம் மாறி, கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். வருங்காலத் தேதியைக் குறிப்பிட்ட ராஜினாமாவை, அந்தத் தேதி வருவதற்கு முன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. தனியார் மருத்துவமனையில் உங்கள் நியமன ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். என்றாலும் கடைசி நாளைத் தெளிவாக எழுதிய கடிதத்துக்கு இப்படியும் ஒரு பலம் உண்டு. "உடனடியாக விலகுகிறேன்" என்று எழுதியவருக்கு அந்த இடைவெளியே இல்லை.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றே அதை மின்னஞ்சலிலும் மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டும். சில இடங்களில் இன்சார்ஜ் வாங்கிவைத்துக்கொண்டு, "மேடம்கிட்ட நானே கொடுக்கிறேன்" என்பார். ஒரு வாரம் கழித்துத்தான் அது மேலே போகும். முன்னறிவிப்பும் அன்றிலிருந்து எண்ணப்படும். மின்னஞ்சல் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

எழுதக் கூடாதது ஒன்றும் உண்டு. தொடர்ந்து போட்ட நைட் டூட்டி, ஒருவர் பார்க்க வேண்டிய இடத்தில் மூன்று வென்டிலேட்டர் நோயாளிகள், பிடித்த சம்பளம் என்று மனத்தாங்கல்கள் இருக்கும். அவை உண்மையாகவும் இருக்கும். அவற்றைச் சொல்ல வேண்டும்தான், ஆனால் தனிக் கடிதத்தில் சொல்ல வேண்டும். ராஜினாமா கடிதம் பணியாளர் கோப்பிலேயே தங்கிவிடும். வெளிநாட்டு வேலைக்கோ வேறு பதிவுக்கோ யாராவது சரிபார்க்கக் கேட்கும்போது அந்தக் கோப்பைத்தான் திறப்பார்கள்.

இனி பாண்டுக்கு வருவோம். நம் உதாரணப் பெண்ணுக்குத் தேதி சாதகமாக அமைந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. சென்னையில் 2012-இல் பெரிய தனியார் மருத்துவமனைகளின் செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பள உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கை பாண்டை ஒழிக்க வேண்டும் என்பது. சம்பள விஷயம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2016-இல் நிபுணர் குழு அமைக்க உத்தரவானது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் என்றும் சொன்னது. பரிந்துரை நடைமுறைக்கு வந்த இடங்கள் குறைவு. படித்துவிட்டு ஆசிரியப் பணிக்கோ சிறப்புப் பிரிவுக்கோ போய்விட வேண்டும் என்று இளம் செவிலியர்கள் துடிப்பதற்கு இது ஒரு காரணம்.

பாண்டு முடியும் முன் விலகினால் என்ன ஆகும்? முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். விருப்பமில்லாதவரை வேலையில் தொடரச் சொல்லி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. ஒருவரின் சொந்த உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தைக் கட்டாயமாக நிறைவேற்ற வைக்கச் சட்டத்தில் இடமில்லை. கேள்வி பணத்தைப் பற்றியது மட்டும்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் 50,000 என்று எழுதியிருந்தால் அதுதான் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்கலாம். பயிற்சிக்கு மருத்துவமனை உண்மையிலேயே செலவழித்ததா, எத்தனை மாதம் பாக்கி என்பதெல்லாம் அதில் சேரும். அதற்காகப் பாண்டு என்பதே வெறும் தாள் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஒரு பொதுத்துறை வங்கியில் மூன்றாண்டு முடியும் முன் விலகியவரிடம் இரண்டு லட்சம் ரூபாய் வாங்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. அங்கே அகில இந்திய அளவில் தேர்வு நடத்திய செலவு போன்றவை கணக்கில் எடுக்கப்பட்டன. மருத்துவமனை வழக்கு ஒவ்வொன்றும் அதன் தாளைப் பொறுத்தது.

நடைமுறையில் நான் சொல்வது இதுதான். பாண்டில் சில மாதம் பாக்கி இருந்தால், ராஜினாமா கடிதத்தில் அதை மறைக்காதீர்கள். "ஒப்பந்தத்தில் நான்கு மாதம் எஞ்சியுள்ளது, அதற்கான தொகையை மாத விகிதத்தில் கணக்கிட்டுத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். இருபத்துநாலு மாதத்துக்கு 50,000 என்றால் நான்கு மாதத்துக்கு 8,333 ரூபாய் வருகிறது. மருத்துவமனை முழுத் தொகையையும் கேட்கலாம். ஆனால் நியாயமான ஒரு கணக்கை முதலில் எழுத்தில் வைத்தவர் நீங்கள் என்பது பேச்சுவார்த்தைக்கு உதவும். பணம் கட்டினால் ரசீது வாங்கி, "பாண்டுத் தொகை முழுதும் தீர்ந்தது" என்று எழுதி வாங்க வேண்டும். சேரும்போது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் அன்றே திரும்பப் பெற வேண்டும்.

அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதில் எனக்குத் தயக்கமில்லாத கருத்து உண்டு. அது தவறு. கல்விச் சான்றிதழ் விற்கவோ அடகு வைக்கவோ கூடிய பொருள் அல்ல; அதைப் பிணையாக வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே கூறியிருக்கிறது. பாக்கி இருப்பதாக நினைக்கும் நிர்வாகம் அதை வழக்குப் போட்டு வசூலிக்கட்டும். ஒரு பெண்ணின் பட்டச் சான்றிதழைப் பீரோவில் பூட்டிவைத்து அவள் எதிர்காலத்தோடு பேரம் பேசக் கூடாது. கடிதத்தோடு சான்றிதழ்களின் பட்டியலை எண்களோடு இணைக்கச் சொன்னது இதற்காகத்தான். என்னென்ன கொடுத்தோம் என்பதற்குச் சேரும்போது ரசீது வாங்காதவர்களுக்கு, முத்திரை பெற்ற இந்தப் பட்டியலே சாட்சியாகும்.

முன்னறிவிப்புக் காலத்தை முழுதாக முடிக்க முடியாமலும் போகலாம். இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வில் இடம் கிடைத்து, பத்து நாளில் சேரச் சொன்னால் என்ன செய்வது? பெரும்பாலான நியமன ஆணைகளில், குறையும் நாட்களுக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டு விலகலாம் என்ற வரி இருக்கும். மாதம் 18,000 சம்பளம் என்றால் ஒரு நாளுக்கு 600. எட்டு நாள் முன்னால் போக வேண்டுமென்றால் 4,800 ரூபாய். கடைசி மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். சொல்லாமல் நின்றுவிட்டால் 'வேலையைக் கைவிட்டவர்' என்று பதிவாகும். அப்படிப் பதிவான பிறகு அனுபவச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு.

நீண்ட நாள் வேலை பார்த்தவர்கள் கிராஜுவிட்டியையும் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக வகுத்துக் கணக்கிடப்படும். அடிப்படை ஊதியம் 22,000 என்றால் ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 63,460 ரூபாய், எம்.எஸ்சி. படிக்கப் போகிறவருக்கு நல்ல உதவி. நான்கு ஆண்டு முடித்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் எல்லா நிர்வாகங்களும் இதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. கல்லூரித் தேதி இடம் கொடுத்தால் ஐந்தாண்டைத் தாண்டிவிட்டு விலகுவது பாதுகாப்பு. வைப்பு நிதிக் கணக்கில் விலகிய நாளை மருத்துவமனை பதிவு செய்ததா என்பதையும் அடுத்த மாதமே பார்த்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் நிரந்தரப் பணியிலுள்ள செவிலியர்களுக்கு என் அறிவுரை வேறு: ராஜினாமா கடிதம் எழுதவே எழுதாதீர்கள். அரசுப் பணியிலிருந்து ராஜினாமா செய்தால் அதுவரை செய்த பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் இல்லாமல் போகும். துறை வழியாக அனுப்பப்பட்டுப் படிக்கவோ கல்வி விடுப்பு எடுக்கவோ வழி இருக்கிறதா என்று முதலில் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் இன்னும் நிதானமாக யோசிக்க வேண்டும். நிரந்தரமாகும் வரிசையில் அவர்கள் இருக்கும் இடம் ராஜினாமாவோடு போய்விடும்.

மீண்டும் மதுரைப் பெண்ணிடம் வருவோம். கடிதம் கொடுத்தாயிற்று. கடைசி வாரம் கடிதத்தைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது. நோ டியூஸ் தாளில் மருந்தகம், நூலகம், விடுதி, கணக்குப் பிரிவு, ஐ.சி.யூ. என்று ஒவ்வோர் இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஐ.சி.யூ.வில் அவசர மருந்து வண்டி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் போன்ற பொருட்கள் இருப்புப் பதிவேட்டில் அவர் பெயரில் இருந்தால், எண்ணிப் பார்த்து, வாங்குகிறவரின் கையெழுத்தோடு ஒப்படைக்க வேண்டும். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற போதைமருந்துகளின் சாவியும் பதிவேடும் கடைசி டூட்டியன்று சரிபார்க்கப்பட்டுக் கைமாற வேண்டும். ஆறு மாதம் கழித்து ஓர் ஆம்பூல் கணக்கில் குறைந்தால், ஒப்படைப்புக் கையெழுத்து இல்லாத பழைய ஊழியர் பெயர்தான் முதலில் அடிபடும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசிப் பதிவையும் நகலெடுத்துக்கொள்வது நல்லது. மருத்துவப் பயிற்சிக்கு முன் கல்லூரியில் கேட்பார்கள்.

அனுபவச் சான்றிதழை வாங்கிப் பைக்குள் வைக்கும் முன், அங்கேயே நின்று படியுங்கள். பதவி 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று இருக்க வேண்டும். சேர்ந்த முதல் ஆறு மாதத்தைப் 'பயிற்சியாளர்' என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள்; ஓராண்டுதான் வேலை பார்த்தவருக்கு அதனால் தகுதியே கேள்விக்குள்ளாகும். எந்தப் பிரிவு என்பதும் இருக்கட்டும். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு விண்ணப்பிப்பவருக்கு 'மருத்துவ ஐ.சி.யூ.' என்ற இரண்டு சொற்கள் மிகவும் வேண்டியவை. பெயர், தலைப்பெழுத்து எல்லாம் கவுன்சில் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஊரில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில், விரித்து ஓரிடத்தில் என்று வருவது சாதாரணம். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் எழுத்தைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குழப்பம். அன்றைக்கே சொன்னால் பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். கல்லூரியில் சேர்ந்தபின் அதற்காகத் திரும்பி வந்தால், தெரிந்த அலுவலர் வேலை மாறிப் போயிருப்பார்.

கடைசி நாளில் தாள்கள் தயாராகவில்லை என்றால் வெறுங்கையோடு கிளம்ப வேண்டாம். எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ராஜினாமா ஏற்கப்பட்டதற்கான கடிதத்தையாவது கேட்டுப் பெறுங்கள். கல்லூரியில் அவகாசம் கேட்க அது உதவும்.

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் செவிலியர் விலகுவதாக 30 நாள் முன்னால் எழுத்தில் கொடுத்திருக்கிறார் என்றால், அனுபவச் சான்றிதழையும் விடுவிப்பு ஆணையையும் தயாரிக்க உங்களுக்கும் அதே 30 நாள் இருக்கிறது. கடைசி டூட்டி முடிந்து அவர் கையெழுத்துப் போட வரும்போது, அந்த இரண்டு தாள்களையும் அசல் சான்றிதழ்களையும் எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள்.